மாமாவின் குரலைச் சேமிக்கப்போய் நான் செய்த பிழைகள்

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் மாமாவுக்கு இயக்க நரம்பு நோய் என்று தெரியவந்தபோது நாக்கு தளரத் தொடங்கியிருந்தது. பேச்சு முற்றாகப் போவதற்கு முன் குரலைப் பதிந்து வைத்தால், பின்னர் அவர் தட்டச்சு செய்வதைக் கணினி அவர் குரலிலேயே வாசிக்கும் என்று படித்திருந்தேன். ஒரு மாலை மைக்குடன் போய், ஒரே இருப்பில் 120 வாக்கியங்களை வாசிக்கவைத்தேன். அவற்றில் பெரும்பகுதி பயன்படவில்லை.

முதல் பிழை அந்த மாலைதான். இந்த நோயில் நாக்கு வேகமாகக் களைத்துவிடும். வீட்டுக்கு வந்து ஐந்தாவது வாக்கியத்தையும் நூற்றுப்பத்தாவதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். முதலாவதில் ‘ர’ தெளிவாக இருந்தது, இரண்டாவதில் குழைந்திருந்தது. எது மனிதர், எது களைப்பு என்று கணினிக்குத் தெரியாது. குழறலையும் அவர் குரலின் இயல்பென்றே கற்றுக்கொள்ளும். அதன் பிறகு காலைத் தேநீர் முடிந்ததும் பதினைந்து நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வோர் இருப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வாக்கியத்தை வாசிக்கவைத்தேன். இரண்டும் வேறுபட்டால் அன்றைய கடைசிச் சில வாக்கியங்களை ஒதுக்கிவிட்டு, மறுநாள் திரும்பப் பதிவோம். சிலர் குழறல் நன்றாகத் தெரியும்வரை காத்திருக்கிறார்கள். அதற்குள் நல்ல குரல் போய்விடுகிறது.

இரண்டாவது பிழையை நான் உணரவே ஒரு வாரமானது. வாசிக்கக் கொடுத்ததெல்லாம் செய்தித்தாள் தமிழ். ‘நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்’ என்று மாமா வாழ்நாளில் ஒரு தடவையும் சொன்னதில்லை. வாசித்த குரலைக் கேட்ட மாமி, “இது ஆர், ரேடியோக்காரரோ?” என்றார். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. மாமா சில இடங்களில் தாளில் இருந்ததை விட்டுத் தன் வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்தார். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்துத்தான் கணினி கற்கிறது. ‘வருகிறேன்’ என்று எழுதி ‘வாறன்’ என்று பேசியிருந்தால், பிழையான பாடத்தையே அது படிக்கும். ஆகவே இரண்டாம் முறை, மாமாவின் பேச்சிலிருந்தே வாக்கியங்களை எடுத்தேன். பதிந்த பின் ஒவ்வொன்றையும் கேட்டு, சொன்னது சொன்னபடியே எழுதினேன். ஒரு கோப்புக்கு ஒரு வரி, நடுவில் ஒரு கோடு:

```
0147|கொஞ்சம் பொறு மனே, சாப்பிட்டுட்டு வாறன்
```

ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்ய ஆயத்த வசதிகள் உண்டு. 2023இல் ஐபோனில் வந்தது 150 வாக்கியங்களை வாசிக்கச் சொன்னது, ஆனால் அன்று ஆங்கிலத்துக்கு மட்டும்தான். நம் ஆட்கள் சிலர் ‘எதுவும் இல்லாததற்கு இது பரவாயில்லை’ என்று பெற்றோரை ஆங்கிலம் வாசிக்கவைக்கிறார்கள். கிடைப்பது ஆங்கிலம் பேசும் அப்பா. தமிழருக்கு முதலில் தேவை, எந்தக் கருவிக்கும் கொடுக்கக்கூடிய சுத்தமான மூலப்பதிவுகளும் அவற்றுக்குரிய எழுத்தும்தான். குரலை உருவாக்கும் மென்பொருளைப் பின்னரும் தேடலாம்.

மூலப்பதிவு என்றதும் வாட்ஸ்அப் குரல்செய்தியை நினைக்க வேண்டாம். அது கோப்பைச் சிறிதாக்குவதற்காக ஒலியைச் சுருக்கிவிடும். அதில் போனது திரும்பாது. WAV வடிவில், 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், மோனோவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 350 எம்பி ஆகும். ஒரு பென்டிரைவில் எத்தனையோ மணி நேரம் அடங்கும். மின்விசிறியை நிறுத்துவதுதான் மட்டக்களப்பு வெயிலில் பெரிய தியாகம், ஆனாலும் நிறுத்த வேண்டும். அதன் இரைச்சல் குரலோடு ஒட்டிக்கொள்ளும். இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு மூலத்தைக் கொடுத்து, மூலத்தை அழித்துவிடாதீர்கள். அது ‘ஸ’, ‘ச’ ஒலிகளையும் சேர்த்துச் சுரண்டிவிடக்கூடும். மைக்கும் வாயும் எல்லா நாளும் ஒரே தூரத்தில் இருக்கட்டும். நாங்கள் ஒரு சாணுக்கு ஈர்க்குத்துண்டு வெட்டி அளவு வைத்திருந்தோம்.

வாக்கியப்பதிவு மட்டும் போதும் என்று நினைத்ததும் பிழையே. கணினி உருவாக்கும் குரல் புதிய வாக்கியத்தைச் சொல்லும், ஆனால் மாமா சிரிப்பதுபோலச் சிரிக்காது. அதனால் அவர் அப்படியே சொன்ன சிலவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்தோம்: பேரப்பிள்ளையைக் கூப்பிடுவது, கோழியை விரட்டுவது, மாமியிடம் “என்னகா, இன்னும் தேத்தண்ணி வரல்லையே?” என்று முறையிடுவது. கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் இவை பதிந்தபடியே ஒலிக்கும். இவற்றுக்குத் தாள் கொடுத்து வாசிக்கச் சொன்னால் கெட்டுப்போகும். தேத்தண்ணி முறையீட்டைப் பதிய, மாமியிடம் சொல்லி உண்மையிலேயே அரை மணி நேரம் தேநீரைப் பிந்தவைத்தோம்.