சந்தேகப்படும் முதலாளிக்கு ஒரு பக்க மாத அறிக்கை

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணச் சமையல் ஆர்டர் எடுக்கும் ஒரு கேட்டரிங் கடைக்கு நீங்கள் இணைய விளம்பரம் செய்து கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு மாதம் 2,000 ரிங்கிட், உங்கள் கட்டணம் 1,500. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எத்தனை பதிவுகள் போட்டீர்கள் என்று பன்னிரண்டு பக்கம் அனுப்புகிறீர்கள். முதலாளி கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "சரி தம்பி, இதுல எத்தனை ஆர்டர் வந்துச்சு?" என்கிறார். அறிக்கை அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், எது ஆர்டர் என்று பேசி முடியுங்கள்

மாதம் தொடங்கும் முன்பே அவரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் விலை கேட்டால் ஆர்டரா? சாப்பாட்டை ருசி பார்க்க வந்தால் ஆர்டரா? பெரும்பாலும் "முன்பணம் கட்டினால்தான்" என்பார். அதையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் உங்களுக்குச் சாதகமாக இந்த அளவுகோலை மாற்றினால், அடுத்த அறிக்கையை அவர் திறக்கவே மாட்டார்.

யார் எந்த வழியாக வந்தார்கள் என்று தெரிய வேண்டும்

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி வாட்ஸ்அப் இணைப்பு கொடுங்கள். உள்ளே ஒரு சின்னக் குறியீடு இருக்கட்டும்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=Vanakkam%20K1
```

X இருக்கும் இடத்தில், முன்னால் வரும் 0 இல்லாமல், கடையின் எண். K1 என்றால் கூகுள், K2 என்றால் ஃபேஸ்புக். வாடிக்கையாளர் அந்தச் சொல்லை அழித்துவிட்டும் அனுப்பலாம். அதனால் போன் எடுப்பவர், "எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

பட்டனை அழுத்தியதை எல்லாம் விசாரிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். விளம்பரக் கணக்கில் 64 அழுத்தல்கள் இருக்கும், கடைப் போனில் 41 செய்திகள்தான் இருக்கும். அழுத்தியவர்கள் எல்லாரும் செய்தி அனுப்புவதில்லை. அறிக்கையில் 41 என்றே போடுங்கள்.

கடையின் ரசீதோடு ஒத்துப் பாருங்கள்

இந்த வேலைதான் நேரம் பிடிக்கும். அதைத் தாண்டினால் பாதி அறிக்கை முடிந்த மாதிரி. 41 பேரின் போன் எண்களையும் முன்பண ரசீதுகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 9 பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். அவசரப்பட்டு 9 என்று எழுதாதீர்கள். அதில் ஒருவர் போன வருஷம் அக்கா கல்யாணத்துக்கும் இங்கேதான் சாப்பாடு எடுத்தவர். இன்னும் இருவர் கடையின் பெயரையே கூகுளில் தட்டி, மேலே வந்த விளம்பரத்தை அழுத்தியவர்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் மூவரும் வந்திருப்பார்கள். முதலாளிக்கு அந்த முகங்கள் தெரியும். அவர் கழிப்பதற்கு முன் நீங்களே கழித்துவிடுங்கள். மீதி 6.

அறிக்கையில் வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும்.

அப்புறம், விற்பனையை அல்ல, லாபத்தைக் காட்டுங்கள். 6 ஆர்டரின் மதிப்பு 14,400 ரிங்கிட். அரிசி, காய்கறி, ஆள் கூலி போக 100க்கு 30 நிற்கும் என்று முதலாளியே சொல்லியிருந்தால், லாபம் 4,320. இப்போது மேல்பகுதியை எழுதலாம்:

> புதிய ஆர்டர்: 6. லாபம்: 4,320 ரிங்கிட்.
> செலவு (என் கட்டணமும் சேர்த்து): 3,500.
> மிச்சம்: 820.
> பழைய வாடிக்கையாளர், பெயர் சொல்லித் தேடியவர்: 3 (கணக்கில் சேர்க்கவில்லை).
> போன மாத விசாரிப்புகளில் தாமதமாக முன்பணம் கட்டியவர்: 2. அப்போது 4 என்று எழுதியது இப்போது 6.

கடைசி வரி முக்கியம். கல்யாண வீட்டார் இன்று கேட்டு, பெரியவர்களைக் கலந்துவிட்டு அடுத்த மாதம்தான் பணம் கட்டுவார்கள். எனவே ஆர்டரை விசாரித்த மாதத்தின் கணக்கில் வையுங்கள், பழைய மாதத்தின் எண்ணை வெளிப்படையாகத் திருத்துங்கள்.

ஒப்பிடும்போது ஆடியை மறக்காதீர்கள்

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. கல்யாணச் சாப்பாட்டு வரவு தானாகவே குறையும், ஆவணியில் தானாகவே ஏறும். ஆவணி ஏற்றத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டால், அடுத்த ஆடியில் பழியும் உங்களுக்கே. போன வருஷத்தின் அதே தமிழ் மாதத்தோடு ஒப்பிடுங்கள். போன வருஷம் 4 ஆர்டர், இந்த வருஷம் 6 என்றால் அதை "50 சதவீத வளர்ச்சி" என்றும் எழுதாதீர்கள். இரண்டு குடும்பம் கூடுதலாக வந்ததற்கு அது பெரிய பேச்சு.

கிளிக், பதிவு எண்ணிக்கை எல்லாம் அவர் கேட்டால் தனியாகக் கொடுங்கள். பக்கத்தின் கடைசியில் ஒரே ஒரு முடிவைக் கேளுங்கள். உதாரணமாக, "ஃபேஸ்புக்கில் 600 ரிங்கிட் போட்டும் இரண்டு மாதமாக ஒரு முன்பணமும் வரவில்லை. அதை நிறுத்தலாமா?" அவர் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ வாட்ஸ்அப்பில் பதில் போட முடிகிற மாதிரி அந்தக் கேள்வி இருக்கட்டும்.