சென்னையிலிருந்து வந்த சீட் படத்தை திருகோணமலையில் இருந்து வாசிப்பது எப்படி

அம்மாவின் கண்ணைக் காட்ட மதுரை போக வேண்டியிருந்தது. சென்னை வரை பிளேன், அங்கிருந்து இரவு பஸ் என்பது திட்டம். என் வங்கி அட்டையை அந்த முன்பதிவு ஆப் ஏற்கவில்லை. அதனால் சென்னையில் இருக்கும் சித்தியின் மகள் பதிவு செய்வது, நான் உப்புவெளியில் இருந்துகொண்டு சீட் தெரிவு செய்வது என்று முடிவானது. அவள் வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பி, "அண்ணா, கெதியா சொல்லுங்கோ, எதைப் போட?" என்றாள். அந்த ஒரு படத்தை நான் பிழையாக வாசித்ததில் 575 இந்திய ரூபா போனது. இங்கிருந்து இந்தியா போகிற நிறையப் பேர் இப்படித்தான் உறவினர் அனுப்பும் படத்தை நம்பிச் சீட் எடுக்கிறார்கள். நான் மாட்டிய இடங்களில் கொஞ்சம் நின்று நின்று சொல்கிறேன்.

1. முதலில் சரியான படங்களைக் கேளுங்கள்

ஒரு படம் காணாது. கீழ்த்தட்டு, மேல்தட்டு, ஏறும் இடங்களின் பட்டியல், ரத்துக் கட்டண அட்டவணை என நான்கு வேண்டும். கீழே சின்னதாக இருக்கும் நிற விளக்கக் குறிப்பும் படத்துக்குள் வர வேண்டும். அவசரத்தில் எடுக்கும் படங்களில் வெட்டுப்படுவது பெரும்பாலும் அதுதான். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் பொடி எழுத்து மங்கிவிடும். Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். அவர்களிடம் கணினி இருந்தால் ஆப்பை விட இணையத்தளமே நல்லது என்பது என் கட்சி. பெரிய திரையில் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

இன்னொன்று: இரவில் போன் திரையை மஞ்சளாக்கும் வசதி போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பும் சாம்பலும் அதில் ஒன்று போலத் தெரியும். நான் முதலில் ஏமாந்தது இதில்தான்.

2. எது படுக்கை, எது சீட்

இங்கே கொழும்பு இரவு பஸ்ஸில் சாய்ந்து தூங்கிப் பழகியவர்களுக்கு இந்தப் படம் புதிது. படத்தின் மேல் மூலையில் ஸ்டியரிங் வட்டம் இருக்கும். அதுதான் பஸ்ஸின் முன்பக்கம். அங்கும் நம் ஊர் போலச் சாரதி வலப்பக்கம் என்பதால் இடம் வலம் குழம்பாது. நீளமான கட்டம் படுக்கை, சின்னச் சதுரம் உட்காரும் சீட். சில பஸ்களில் கீழ்த்தட்டில் இரண்டும் கலந்திருக்கும். பஸ்ஸின் பெயருக்குக் கீழே "Semi Sleeper" என்று இருந்தால் அது கூடுதலாகச் சாயும் சீட் மட்டுமே, படுக்கை அல்ல.

எங்களுக்கு வந்த படத்தில் "2+1" என்று போட்டிருந்தது. இடைவழிக்கு ஒரு பக்கம் தனிப் படுக்கை, மறுபக்கம் இரண்டு படுக்கை ஒட்டி. இந்த ஒட்டிய இரண்டை நன்றாக மனதில் வையுங்கள். இரண்டு சீட் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது மாதிரி அல்ல இது. அகலமான ஒரே பலகையில் இரண்டு பேர் படுப்பது. நடுவில் சின்னத் தடுப்பு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முன்பின் தெரியாதவரின் முழங்கை இரவு முழுக்க உங்கள் பக்கத்தில் இருக்கும்.

வயதானவர்களுக்குக் கீழ்த்தட்டுத்தான். மேல்தட்டுக்கு ஒடுங்கிய இரும்புப் படியில் கால் வைத்து ஏற வேண்டும், பஸ் ஓடும்போது இறங்குவது இன்னும் கஷ்டம். சீட் இலக்கத்தை வைத்துத் தட்டை ஊகிக்காதீர்கள். L, U என்று போடுகிறவர்களும் உண்டு, வெறும் எண் போடுகிறவர்களும் உண்டு. படத்தின் தலைப்பில் "Lower" என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். கடைசி வரிசையில் குலுக்கல் அதிகம், கிடைத்தால் நடுவில் எடுங்கள்.

3. இளஞ்சிவப்பு: நான் விழுந்த இடம்

நம் பஸ்களில் மதகுருமாருக்கு, கர்ப்பிணிகளுக்கு என்று சீட்டுக்கு மேலே எழுதியிருக்கும். அந்தச் சீட் எப்போதும் அவர்களுக்குத்தான். இந்த ஆப் படத்தில் அப்படி நிலையாக ஒதுக்கிய சீட்டுகளும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவை, பக்கத்துப் படுக்கையை யார் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறவை. தனியாக வரும் ஒரு பெண் இரட்டைப் படுக்கையில் ஒன்றை எடுத்தால், மற்றது தானாகப் பெண்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

ஆகவே இளஞ்சிவப்பு இரண்டு விதமாக வரும். உள்ளே வெள்ளையாக இருந்து ஓரம் மட்டும் இளஞ்சிவப்பு என்றால் அது காலி, ஆனால் பெண் மட்டுமே எடுக்கலாம். உள்ளே நிறைந்திருந்தால் ஏற்கெனவே ஒரு பெண் எடுத்துவிட்டார். நாங்கள் பார்த்த படத்தில் இப்படி. வேறு ஆப்பில் நிறம் மாறலாம், அதற்குத்தான் அந்த விளக்கக் குறிப்பு. கட்டத்துக்குக் கீழே விலை தெரிந்தால் அது விற்பனைக்கு இருக்கிறது என்பது இன்னொரு அடையாளம்.

இதை விளங்கிக்கொண்ட பிறகும் நான் பிழை விட்டேன். கீழ்த்தட்டில் நாலாவது வரிசையின் இரட்டைப் படுக்கை இரண்டும் காலி. ஒன்று 1,150 ரூபா. அம்மாவுக்கும் எனக்கும் அதுதான் என்றேன். தங்கச்சி முதலில் அம்மாவின் பெயரில் ஒன்றைப் போட்டுக் காசு கட்டினாள், "உங்கடதை அடுத்துப் போடுறன்" என்றாள். இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் பக்கத்துப் படுக்கையின் ஓரம் இளஞ்சிவப்பு! என் பெயரையும் ஆண் என்பதையும் போட்டதும் ஆப் மறுத்துவிட்டது. ஆப்புக்கு நான் மகன் என்று எப்படித் தெரியும்? தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆணைப் படுக்க விடாததுதான் அதன் வேலை.

அம்மாவும் மகனும், கணவனும் மனைவியும் பக்கத்தில் படுக்க வேண்டுமென்றால் இரண்டு படுக்கையையும் ஒரே பதிவில், ஒரே தடவையில் எடுக்க வேண்டும். அப்போது ஆப் கேள்வி கேட்காது. எனக்குப் பெண் என்று போட்டுவிடலாமா என்று தங்கச்சி கேட்டாள். கூடாது. ஏறும்போது டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்தால் இறக்கிவிடலாம், காசும் கிடைக்காது.

4. ரத்துக் கட்டணம் எந்த நேரத்திலிருந்து

சரி, அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்து இரண்டையும் சேர்த்து எடுப்போம் என்று முடிவெடுத்தோம். அட்டவணை இப்படி இருந்தது: புறப்பட 24 மணிநேரத்துக்கு முன் என்றால் 15 வீதம், 12 முதல் 24 மணிநேரம் என்றால் 50 வீதம், 12க்குக் குறைந்தால் முழுக்காசும் போகும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இது வேறு.

நாங்கள் ஏறும் இடத்தில் பஸ் வரும் நேரம் மறுநாள் இரவு 22:10. அப்போது மணி 21:35. 24 மணிநேரத்துக்கு மேல் 35 நிமிடம் இருக்கிறது, 172 ரூபா 50 சதத்தோடு தப்பலாம் என்று கணக்குப் போட்டேன். கழிந்தது 575.

காரணம் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. மணிநேரம் எண்ணப்படுவது நாங்கள் ஏறும் நேரத்திலிருந்து அல்ல, பஸ் தன் முதல் இடத்தில் கிளம்பும் நேரத்திலிருந்து. அந்தப் பஸ் கோயம்பேட்டில் 20:45க்கே கிளம்புகிறது. 21:35க்கும் அதற்கும் 23 மணி 10 நிமிடம். 50 நிமிடத்தால் தவறவிட்டேன். பஸ் முதல் இடத்தை விட்ட பிறகு ரத்தே செய்ய முடியாது, நீங்கள் ஏற இன்னும் ஒரு மணிநேரம் இருந்தாலும்.

ஆகவே "Boarding" நேரத்தைப் பார்க்காமல், அட்டவணைக்குப் பக்கத்தில் service start என்று வரும் நேரத்தைப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரே டிக்கெட் எடுத்தால் ஒருவரை மட்டும் ரத்து செய்ய விடுவார்களா என்பதும் அங்கேதான் இருக்கும். திரும்பி வரும் காசு கட்டியவரின் கணக்குக்குத்தான் போகும், அதனால் தங்கச்சியோடு கணக்கை எழுதி வையுங்கள்.

யோசித்துப் பார்த்தால் ரத்தே தேவைப்பட்டிருக்காது. அம்மாவை அங்கேயே விட்டு நான் எதிரே தனிப் படுக்கை எடுத்திருக்கலாம். மேல்தட்டில் ஒன்று இருந்தது. அவசரத்தில் மேல்தட்டுப் படத்தைத் திறக்கவே இல்லை.

5. ஏறும் இடம்

தங்கச்சி வடபழனியில் இருப்பதால் வடபழனியைத் தெரிவு செய்யப் பார்த்தாள். ஆனால் நாங்கள் வருவது விமான நிலையத்துக்கு. மதுரை பஸ் நகரத்திலிருந்து தெற்கே ஜிஎஸ்டி ரோட்டால் போகிறது. விமான நிலையமும் அதே ரோட்டில்தான். பொதியையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வடக்கே வடபழனிக்குப் போய், அதே ரோட்டால் திரும்பி வருவதில் அர்த்தமில்லை. பெருங்களத்தூர் எடுத்தோம். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த புதிய பஸ் நிலையம் இன்னும் கொஞ்சம் தெற்கே. பழைய ஆட்கள் "கோயம்பேடுதானே" என்பார்கள். இரண்டுக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர், எனவே பெயரைச் சரியாக வாசியுங்கள்.

பட்டியலில் இடத்தின் பெயரோடு "Pickup Van" என்று இருந்தால் அங்கே வருவது பஸ் அல்ல, பஸ்ஸுக்குக் கூட்டிப்போகும் வான். பெரிய பஸ்ஸை எதிர்பார்த்து நின்றால் வான் போய்விடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த கிண்ணியா அக்கா ஒருவர் எழுதியது. அவரின் பஸ் 14ஆம் திகதி இரவு 22:45க்குக் கிளம்பியது. அவர் ஏறும் இடம் செங்கல்பட்டு, நேரம் 00:10. டிக்கெட்டின் தலையில் 14 என்று இருந்ததால், 14ஆம் திகதி பிறந்த கையோடு, அதாவது 13ஆம் திகதி இரவே போய் நின்றிருக்கிறார். நள்ளிரவு தாண்டிய நேரம் என்றால் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திகதியைப் பாருங்கள். அவருக்கு அது 15.