ஸ்லைடில் லோகோ நசுங்காமல் இருக்க: அடிக்கடி நடக்கும் தவறுகள்

சமீபத்தில் ஒரு நிறுவனத்தின் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளைச் சரிபார்த்தேன். அவர்களுடைய லோகோ வட்டத்துக்குள் ஓர் இலை, பக்கத்தில் தமிழில் பெயர். நான்கு ஸ்லைடுகளில் அந்த வட்டம் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. யாரோ மூலைப் புள்ளியை விட்டுவிட்டுப் பக்கப் புள்ளியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். Lock aspect ratio-வில் டிக் இருந்தாலும் பக்கப் புள்ளியை இழுத்தால் படம் நீளத்தான் செய்யும்.

சந்தேகம் வந்தால் Format Picture போய் Size பகுதியைப் பாருங்கள். Scale Height, Scale Width இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அங்கே 40%, 52% என்று இருந்தது. டிக்கை எடுத்து, இரண்டிலும் 40 போட்டு, மறுபடி டிக் வைத்தேன். வட்டம் வட்டமானது.

ஆனால் அளவு சரியாக இருந்தும் லோகோ நெருக்குண்டு தெரிந்தது. தலைப்பின் கடைசி எழுத்து அதை உரசிக்கொண்டிருந்ததுதான் காரணம். சுற்றிலும் எவ்வளவு இடம் விடுவது என்று யாருமே முடிவு செய்யவில்லை. 'கொஞ்சம் இடம் விடவும்' என்று எழுதி வைத்தால் ஆளுக்கு ஆள் அது மாறும். லோகோவின் உயரத்தையே அளவுகோலாக்கினால் அந்தக் குழப்பம் வராது. உயரத்தில் பாதியை நான்கு பக்கமும் விடச் சொன்னேன்.

கணக்கு இப்படி வந்தது. அகலத்திரை ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம். லோகோ 4.5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம். சுற்றிலும் 0.75 விட்டால் மொத்தம் 6 × 3 செ.மீ. கட்டம். அதை வலது மேல் மூலையில் ஒட்டி வைத்தால், தலைப்புப் பெட்டியின் வலது ஓரம் 27.87-இல் முடிய வேண்டும். தமிழ்த் தலைப்புகள் நீளமானவை. பெட்டி முன்பே நின்றுவிட்டால் எழுத்து இரண்டாம் வரிக்கு இறங்கும், லோகோ மேல் ஏறாது.

உயரத்தை அளக்கும்போது தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி, 'கி'யின் கொக்கி, 'கு'வின் கீழ்ச்சுழி எல்லாம் உள்ளே வர வேண்டும். எழுத்தின் உடலை மட்டும் அளந்தால் புள்ளி போய் வேறெதையாவது முட்டும். குறைந்தபட்ச அளவையும் மடிக்கணினியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புரொஜெக்டரில் போட்டுக் கடைசி வரிசையில் நின்று பாருங்கள். 'ண', 'ணை' போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுத் தெரிந்தால் அந்த அளவு போதாது.

இன்னொன்று, பி.என்.ஜி. கோப்பில் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் இருக்கலாம். படத்தைத் தேர்ந்தெடுத்தால் சட்டம் லோகோவை விட்டு விலகி நிற்கும். முதலில் Crop செய்து ஒட்ட வெட்டுங்கள். இல்லாவிட்டால் 4.5 என்று அளவு கொடுத்தாலும் லோகோ அதைவிடச் சின்னதாகத்தான் வரும்.

அப்புறம், ஒவ்வொரு ஸ்லைடிலும் தனித்தனியாக ஒட்டாதீர்கள். View > Slide Master-இல் ஒரே ஒரு முறை வையுங்கள்: இடமிருந்து 28.62, மேலிருந்து 0.75. அங்கே வைத்ததைச் சாதாரணப் பார்வையில் யாரும் தெரியாமல் பிடித்து இழுத்துவிட முடியாது.