பழைய மனிதரின் தோல் நிறம்: டி.என்.ஏ.வையும் ஓவியத்தையும் தப்பாகப் படிக்கும் விதங்கள்

2018 பிப்ரவரியில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து செடார் மனிதரின் முகத்தை வெளியிட்டபோது, கருத்த தோலும் நீலக் கண்ணுமாக இருந்த அந்த உருவம் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஒரு குகையில் 1903-ல் கிடைத்த எலும்புக்கூடு அவருடையது. சுமார் பத்தாயிரம் ஆண்டு பழையது. அந்த முகத்தைப் பார்த்த பலரும், டி.என்.ஏ.வுக்குள் நிறம் புகைப்படம் போலப் பதிந்திருக்கும், விஞ்ஞானிகள் அதை எடுத்துக் காட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் தவறு இதுதான், மற்ற பல தவறுகளுக்கும் வேர் இதுதான்.

உண்மையில் நடப்பது வேறு. காதுக்கு உள்ளே இருக்கும் கெட்டியான எலும்பில் டி.என்.ஏ. நன்றாகத் தங்கும் என்பதால் அதில் துளையிட்டுக் கொஞ்சம் தூள் எடுக்கிறார்கள். டி.என்.ஏ. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. அந்தத் தூளிலிருந்து வரும் டி.என்.ஏ. துண்டுகளை வாசித்து, குறிப்பிட்ட சில இடங்களில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கிறார்கள். செடார் மனிதருக்குப் பயன்பட்ட ஹைரிஸ்பிளெக்ஸ்-எஸ் என்ற முறை கண், முடி, தோல் மூன்றுக்கும் சேர்த்து 41 இடங்களைப் பார்க்கிறது, அதில் தோலுக்கு 36. அந்த எழுத்துகளைப் போட்டால் கிடைப்பது ஒரு நிறம் அல்ல, ஐந்து வகைக்கும் தனித்தனி நிகழ்தகவு: மிக வெளிர், வெளிர், இடைநிலை, கருமை, கருமையிலிருந்து கறுப்பு வரை. செடார் மனிதருக்குக் கடைசி இரண்டு பக்கம்தான் எடை சாய்ந்தது. ஆனால் அந்த வகைகளுக்குள்ளேயே எத்தனையோ நிறங்கள் அடங்கும். உருவம் செய்த சிற்பிகள் அதில் ஒன்றைத் தேர்ந்துதான் பூச வேண்டும், வேறு வழியில்லை. அப்படித் தேர்ந்த நிறத்தை அளந்து சொன்ன நிறம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்கு இன்றைக்கு வாழும் மக்களின் டி.என்.ஏ.வையும் தோலையும் ஒப்பிட்டுக் கட்டியது. பத்தாயிரம் ஆண்டுக்கு முன் இருந்த ஒருவரிடம், இன்று யாரிடமும் இல்லாத அல்லது நாம் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு மாற்றம் அவர் தோலை வெளிர வைத்திருக்கலாம், அது இந்த 36 இடங்களில் தெரியவே தெரியாது. "தெரிந்த வெளிர் மாற்றங்கள் இவரிடம் இல்லை" என்பது ஒரு செய்தி, "இவர் கறுப்பு" என்பது வேறொரு செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும்போது எங்கே தாவுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தாவுவதுதான் நேர்மை.

சரி, எழுத்தைப் படிப்பதிலேயே வரும் தவறுக்கு வருவோம், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. எஸ்எல்சி24ஏ5 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் ஓரிடத்தில் ஜி என்ற எழுத்து பழைய வடிவம், ஏ என்று மாறினால் தோலுக்குக் கருமை தரும் மெலனின் குறைந்து தோல் வெளிர்கிறது. இதன் பங்கு 2005-ல் வெளிறிய வரிக்குதிரை மீன் ஒன்றின் வழியாகத் தெரியவந்தது. இப்போது பழைய டி.என்.ஏ.வுக்கு ஒரு பிரச்சினை: காலப்போக்கில் சி என்ற எழுத்து சிதைந்து, வாசிக்கும்போது டி ஆகத் தெரியும், குறிப்பாகத் துண்டின் நுனிகளில். டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழைகள், ஒன்றில் ஜி இருக்கும் இடத்துக்கு எதிரே மற்றதில் சி இருக்கும். எதிர் இழையில் இருக்கும் அந்தச் சி இப்படிச் சிதைந்தால், நம் பக்கம் ஜி இருந்த இடத்தில் ஏ தெரியும். அதாவது சிதைவு தன்னால் வெளிர் தோலின் எழுத்தைப் போலி செய்யும்! ஒரே ஒரு துண்டில், அதுவும் அதன் நுனிக்குப் பக்கத்தில் ஏ தெரிந்தால் அதை நம்பவே கூடாது. நுனி எழுத்துகளை வெட்டிவிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது சிதைந்த எழுத்துகளை நொதி கொண்டு முன்பே நீக்கிய மாதிரியாக இருக்க வேண்டும். நடுவில் ஏ வருகிறதா, வேறு வேறு துண்டுகளிலும் வருகிறதா என்று பார்த்தால்தான் அது மனிதரின் எழுத்தா, மண்ணுக்குள் நடந்த சிதைவா என்று பிரியும்.

எத்தனை துண்டுகள் என்பதும் சும்மா எண்ணிக்கை இல்லை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒருவரிடம் ஒன்று ஜி, இன்னொன்று ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை மூடும் துண்டு இரண்டே இரண்டு என்றால் இரண்டிலும் ஒரே எழுத்து வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, நான்கு துண்டு இருந்தாலும் எட்டில் ஒரு வாய்ப்பு. அப்படி வந்தால் மற்ற எழுத்து அவரிடம் இருப்பதே நமக்குத் தெரியாமல் போகும். பழைய எலும்புகளில் பெரும்பாலும் இப்படிச் சொற்பத் துண்டுகள்தான் கிடைக்கின்றன.

அப்புறம் கலப்படம். ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் உடலாகக் கிடைத்த பழங்கால மனிதர் ஓட்சியின் மரபுத்தொகை, அதாவது அவரது முழு டி.என்.ஏ. வரிசை, முதலில் 2012-ல் வெளியானது, அதில் இன்றைய மனிதரின் டி.என்.ஏ. கலந்திருந்தது. 2023-ல் இன்னும் நல்ல தரத்தில் வாசித்தபோது, அவர் முன்பு நினைத்ததைவிடக் கருத்தவர் என்று வந்தது. முந்தைய உருவங்களில் அவரை வெளிர் தோலோடு செய்திருந்தார்கள்.

இனி ஓவியம். எகிப்தின் மெய்தூமில் 1871-ல் கிடைத்த ரஹோத்தெப், நோஃப்ரெத் தம்பதியின் சிலைகளைப் பாருங்கள், வண்ணம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. கணவன் செம்பழுப்பு, மனைவி வெளிர் மஞ்சள். இதைப் பார்த்து அவர்கள் வேறு வேறு மக்களிலிருந்து வந்தவர்கள் என்றோ, ஆண்கள் வெயிலில் அவ்வளவு கருத்தார்கள் என்றோ எழுதுகிறார்கள். ஆணைச் செம்பழுப்பாகவும் பெண்ணை மஞ்சளாகவும் தீட்டுவது எகிப்தில் நெடுங்காலம் நின்ற மரபு. எஸ்எல்சி24ஏ5 பதினைந்தாவது குரோமோசோமில் இருக்கிறது, மகனுக்கும் மகளுக்கும் ஒரே விதமாகத்தான் போகும், அண்ணன் தங்கையை இப்படி இரண்டு நிறமாகப் பிரிக்காது. சிலையின் வண்ணம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்கிறது, தோல் எவ்வளவு கருமை என்பதை அல்ல.

எகிப்திய அரசி அஹ்மோஸ்-நெஃபர்தாரியை தெய்ர் எல்-மதீனாவின் கல்லறை ஓவியங்கள் பலவற்றில் கறுப்பாகத் தீட்டியிருக்கிறார்கள், அவை அவர் இறந்து 200 ஆண்டுக்கு மேல் கழித்து, தெய்வமாக வணங்கப்பட்ட காலத்தவை. கறுப்பு அங்கே நைல் வண்டலின், மறுபிறப்பின் நிறம். அதே நாட்டில் ஒசைரிஸ் என்ற கடவுளைப் பச்சையாகத் தீட்டினார்கள், அவர் பச்சை மனிதர் என்று யாரும் சொல்வதில்லையே.

தீட்டியபோது இருந்த வண்ணமே இன்றும் இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. காவிக்கல் சிவப்பு இரும்பிலிருந்து வருவது, ஆயிரக்கணக்கான ஆண்டு நிற்கும். ஈயச் செந்தூரம் அப்படியல்ல, சீனாவின் மோகாவ் குகைகளில் அது கருத்துப்போனதால் பல முகங்கள் இன்று கறுப்பாகத் தெரிகின்றன. ஊடுகதிர் ஒளிர்வுக் கருவியால் முகத்தில் இரும்பு இருக்கிறதா ஈயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசியாக, டி.என்.ஏ.வையும் ஓவியத்தையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்கும் தவறு. மெய்தூமுக்கு அதிகத் தொலைவில்லாத அபூசிர் எல்-மெலெக் மம்மிகளை 2017-ல் ஆய்ந்தபோது 151 பேரிடம் மாதிரி எடுத்து, மூன்றே பேரிடமிருந்துதான் முழு மரபுத்தொகை அளவிலான தரவு கிடைத்தது. அந்த மூவரும் ரஹோத்தெப்புக்கு 1,700 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர்கள். அந்த மூன்று பேரின் நிறக் கணிப்பை எடுத்து ரஹோத்தெப் சிலை "சரிதான்" அல்லது "தப்பு" என்று சொல்பவர்களிடம், எந்த மனிதர், எந்தக் காலம், எத்தனை துண்டு என்று மூன்றையும் கேளுங்கள்.