மிஞ்சிய 5 ஷீட்: ரிட்டர்ன் நோட்டிலும் டிரான்ஸ்பர் நோட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வேலைக்காக ஸ்டோரிலிருந்து எடுத்த பொருளில் கொஞ்சம் மிஞ்சிவிட்டால் அதற்குப் போக இரண்டே வழிதான். ஸ்டோருக்குத் திரும்பலாம், அல்லது பக்கத்தில் நடக்கும் இன்னொரு வேலைக்குப் போகலாம். முதலாவதற்கு ரிட்டர்ன் நோட், இரண்டாவதற்கு டிரான்ஸ்பர் நோட். பாடப்புத்தகத்தில் இவை பொருள் திருப்புச் சீட்டு, பொருள் மாற்றுச் சீட்டு என்று இருக்கும். விஷயம் இவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வேலையின் செலவையும் தனித்தனியாக எழுதும் ஜாப் காஸ்ட் ஷீட்டில் நான் திருத்திய பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு காகிதங்களைச் சுற்றியே இருந்தன.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பார்ப்போம். தொகைகளை வெறும் எண்களாக எழுதுகிறேன், எந்த நாணயமாக வைத்துக்கொண்டாலும் சரி.

வேலை எண் 101-க்கு, ஷீட் ஒன்று 10 கிலோ வீதம் 20 ஷீட் இரும்புத் தகடு போகிறது. மொத்தம் 200 கிலோ, கிலோ 80. ஸ்டோர் பொருள் கொடுத்ததற்கான இஷ்யூ ஸ்லிப்படி 101-இன் கணக்கில் 16,000 ஏறுகிறது. அதோடு அந்தப் பழைய சரக்கு தீர்ந்துவிட்டது. அடுத்து வந்த சரக்கின் விலை கிலோ 90. அதிலிருந்து வேலை எண் 102-க்கு 10 ஷீட், அதாவது 100 கிலோ, 9,000-க்குப் போகிறது. இதற்குள் 101-இன் வரைபடம் மாறி, 15 ஷீட் போதும் என்றாகிவிட்டது. மிஞ்சியது 5 ஷீட். 102-க்கு மொத்தத்தில் 13 ஷீட் வேண்டும். ஆகவே 3 ஷீட்டை ஆட்கள் அங்கேயே தூக்கி 102-இன் மேசைக்குக் கொண்டுபோனார்கள், 2 ஷீட்டை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தார்கள்.

சரியாக எழுதினால் 101-இல் திரும்பிய 20 கிலோவுக்கு 1,600-உம், மாற்றிய 30 கிலோவுக்கு 2,400-உம் கழியும். மிச்சம் 12,000. அது 150 கிலோவை 80-ஆல் பெருக்கினால் வரும் தொகையேதான். 102-இல் 9,000 + 2,400 = 11,400. ஸ்டோர் கணக்கில் 1,600 கூடும். அந்த 2,400 ஸ்டோர் கணக்குக்குள் வரவே வராது, ஏனென்றால் அந்த 3 ஷீட் ஸ்டோர் வாசலையே மிதிக்கவில்லை.

டிரான்ஸ்பர் நோட் போடாமல் விடுவது

தவறுகளில் மூத்தது இது. கேட்டால், "சும்மாதானே சார் கிடந்துச்சு, எடுத்துக்கிட்டோம்" என்பார்கள். அவர்கள் திருடவில்லை, வேலையைத்தான் பார்த்தார்கள். ஆனால் சீட்டு இல்லாததால் 101-இல் 14,400 நிற்கிறது, 102-இல் 9,000 நிற்கிறது.

இப்போது இரண்டையும் கூட்டுங்கள்: 23,400. சரியான கணக்கில் 12,000-உம் 11,400-உம் சேர்ந்து எவ்வளவு? அதே 23,400. இந்தத் தவறு பல மாதம் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். நடப்பு வேலைக் கணக்கின் மொத்தம் சரியாக இருக்கும், ஸ்டோர் லெட்ஜர் சரியாக இருக்கும், ரேக்கில் பொருளின் அளவை மட்டும் எழுதிவைக்கும் பின் கார்டு சரியாக இருக்கும், இருப்பு எடுத்தாலும் ஒரு கிலோ குறையாது. ஆடிட்டர் எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் டேலி ஆகும். இரண்டு வேலைகளின் தனித்தனிக் கணக்கு மட்டும் பொய்.

விளைவு எங்கே தெரியும் என்றால், பில் போடும் இடத்தில். 101 அடக்கவிலையோடு 20 சதவீதம் சேர்த்து வாங்கும் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாடிக்கையாளரிடம் 2,880 கூடுதலாக வாங்கிவிடுவோம், அதுவும் அவர் வேலையில் சேராத தகட்டுக்கு. 101-இன் சூப்பர்வைசர் 15 ஷீட் வேலைக்கு 18 ஷீட் செலவழித்தார் என்று கேள்வி கேட்கப்படுவார். 102-இன் சூப்பர்வைசருக்கோ 13 ஷீட் வேலையை 10 ஷீட்டில் முடித்ததற்குப் பாராட்டு கிடைக்கும். அடுத்த தடவை 102 மாதிரி ஒரு வேலைக்கு மதிப்பீடு போடுபவர் பழைய ஜாப் ஷீட்டைப் புரட்டி, தகடு 100 கிலோ போதும் என்று எழுதுவார். அந்த ஆர்டர் நமக்கே கிடைக்கும், நட்டத்தோடு.

மொத்தம் காட்டிக்கொடுக்காது என்பதால் அளவை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஜாப் ஷீட்டில் ஏறியிருக்கும் கிலோவை வரைபடத்தின் பொருள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு வேலையில் 30 கிலோ கூட, அதே வாரத்தில் அதே பொருளில் இன்னொரு வேலையில் 30 கிலோ குறைவு என்று வந்தால், சேதாரம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். நேரே தளத்துக்குப் போய்க் கேட்டால் போதும், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

டிரான்ஸ்பர் நோட்டைப் பொருளைக் கொடுக்கும் பக்கம் எழுத வேண்டும், வாங்கும் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். இரு பக்கமும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றைக் காஸ்டிங் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஸ்டோரின் இருப்பு மாறாததால் அங்கே பதிவு எதுவும் இல்லை. கொடுக்கும் வேலை எண், வாங்கும் வேலை எண் இரண்டும் அதில் இருந்தே ஆக வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது பாதிச் சீட்டு.

தகடு நகரவில்லை, காகிதம் மட்டும் ஸ்டோருக்குப் போய் வந்தது

டிரான்ஸ்பரே வேண்டாம், எல்லாம் ஸ்டோர் வழியாகவே போகட்டும் என்று சில இடங்களில் விதி வைப்பார்கள். சீட்டு விடுபடும் ஆபத்தை நினைத்தால் அது நியாயமான விதிதான், நானும் அதன் பக்கமே. ஆனால் அப்போது பொருளும் ஸ்டோருக்குப் போக வேண்டும். அந்த 3 ஷீட்டைத் தூக்கி அலைய மனமில்லாமல், ஒரு ரிட்டர்ன் நோட்டையும் ஒரு இஷ்யூ ஸ்லிப்பையும் மேசையிலேயே எழுதிவிடுவார்கள். இங்கே விலை வழுக்கும்.

101-க்கு வரவு 80 வீதம் 2,400. ஆனால் ஸ்டோரின் இஷ்யூ விலை அன்றைக்கு 90. அதன்படி 102-இல் 2,700 ஏறிவிடும். வித்தியாசம் 300. அதே 3 ஷீட்தான், ஓர் அடிகூட ஸ்டோர் பக்கம் நகரவில்லை. ஆனால் 102-இன் செலவு 300 கூடி, ஸ்டோர் இருப்பின் மதிப்பு 300 குறைந்துவிட்டது. நேரடியாகப் போன பொருள் எந்த விலையில் முதல் வேலையில் ஏறியதோ அதே விலையில்தான் இரண்டாவதற்குப் போக வேண்டும். சந்தை விலை, இன்றைய இஷ்யூ விலை எதற்கும் இங்கே வேலை இல்லை.

திரும்பிய பொருளுக்கு இன்றைய விலை போடுவது

இது அந்த 2 ஷீட்டின் கதை. ஸ்டோர் லெட்ஜரில் கடைசி வரியில் 90 என்று இருப்பதைப் பார்த்துக் குமாஸ்தா 20 கிலோவுக்கு 1,800 என்று எழுதிவிடுகிறார். 101-இல் 12,000 நிற்க வேண்டிய இடத்தில் 11,800 நிற்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? 11,800-ஐ 150-ஆல் வகுங்கள், 78.67 வரும். அந்த விலைக்கு நாம் தகடு வாங்கியதே இல்லை. ஜாப் ஷீட்டில் தொகையை அளவால் வகுத்து, வரும் விலை எந்த இஷ்யூ விலையோடும் பொருந்தாமலும் இரண்டு இஷ்யூ விலைகளுக்கு நடுவிலும் இல்லாமலும் நின்றால், ரிட்டர்ன் விலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த 200 எங்கே போனது? ஸ்டோர் இருப்பில் பொய் மதிப்பாக உட்கார்ந்திருக்கும். விலை ஏறும் காலத்தில் இப்படி எழுதினால், பொருளைத் திருப்பிக் கொடுப்பதிலேயே ஒரு வேலைக்கு லாபம் வந்துவிடும்.

இதைத் தடுக்க ரிட்டர்ன் நோட்டில் வேலை எண் மட்டும் போதாது, அந்தப் பொருள் எந்த இஷ்யூ ஸ்லிப்பில் போனது என்ற எண்ணும் வேண்டும். அதைப் பார்த்தால்தான் 80 தெரியும். ஒரே வேலைக்கு இரண்டு ஸ்லிப்பில், இரண்டு விலையில் போயிருந்து, மிஞ்சியது எதன் மிச்சம் என்று தெரியாவிட்டால், கடைசி ஸ்லிப்பிலிருந்து கழிப்பதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். வேறு வழியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாதத்துக்கு ஒரு வழி கூடாது.

திரும்பி வந்த பொருளை ஸ்டோர் அப்புறம் எந்த விலையில் கொடுப்பது? முதலில் வந்தது முதலில் போகும் முறையில், அந்த 20 கிலோவை 80 விலையிலேயே தனியாகக் காட்டி அடுத்த இஷ்யூவில் முதலில் கொடுத்துவிடுவது ஒரு பழக்கம். புதிய கொள்முதல் போல வரிசையின் கடைசியில் வைப்பவர்களும் உண்டு. சராசரி விலை முறையானால் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இருப்பு 200 கிலோ 18,000 என்றிருக்கும்போது 20 கிலோ 1,600 சேர்ந்தால், 220 கிலோ 19,600. புதிய சராசரி 89.09. எந்த முறையானாலும் 101-க்குக் கிடைக்கும் வரவு அதே 1,600தான்.

சீட்டில்லாமல் ரேக்கில் வைத்துவிட்டுப் போவது

2 ஷீட்டை ரேக்கில் சாய்த்து வைத்துவிட்டு ஆள் போய்விட்டால், ஸ்டோர்கீப்பர் பின் கார்டில் எழுத ஒன்றும் இருக்காது. வருடக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது 20 கிலோ அதிகம் என்று வரும். பற்றாக்குறையைத் தேடும் அளவுக்கு உபரியை யாரும் தேடுவதில்லை. அந்த உபரியை மேல்செலவில் கழித்து முடித்துவிடுவார்கள். 101-க்குச் சேர வேண்டிய 1,600 அப்படி எல்லா வேலைகளுக்கும் துளித்துளியாகப் பிரிந்துபோகும்.

துண்டுத் தகடுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரிட்டர்ன் நோட்டில் பொருளின் நிலை என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் ஸ்டோர் வாங்கக் கூடாது. முழு ஷீட்டுக்குத்தான் 80. வெட்டி எஞ்சிய துண்டுகள் 20 கிலோ இருந்தால் அவற்றைப் பழைய இரும்பு விலைக்குத்தான் வரவு வைக்க முடியும், மீதிச் செலவு 101-இலேயே நிற்கும். எடை ஒன்றுதானே என்று 1,600 எழுதினால், யாரும் கேட்டு வாங்காத துண்டுகள் நல்ல சரக்காக ஸ்டோர் கணக்கில் தூங்கும்.

நேரமும் முக்கியம். 101-க்குப் பில் போய், ஜாப் ஷீட் மூடப்பட்டு, இரண்டு வாரம் கழித்து அந்த 2 ஷீட் ஸ்டோருக்கு வந்தால் வரவு வைக்கத் திறந்த கணக்கே இருக்காது. கைக்கு வந்த ஏதோ ஒரு நடப்பு வேலையின் எண்ணை எழுதித் தள்ளிவிடுவார்கள். அதனால் வேலை முடிந்தது என்ற தகவல் வந்ததும், ஜாப் ஷீட்டை மூடும் முன், இஷ்யூ ஸ்லிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு அடியிலும் சுவரோரத்திலும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன். 101-இல் அந்த 2 ஷீட் அப்படித்தான் கிடைத்தது, வெல்டிங் மெஷினுக்குப் பின்னால்.