நீரோட்டம் பார்ப்பது உண்மையா? சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்வெல் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவது நம் ஊர்களில் வழக்கம். உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய் எழுந்து நிற்கும், இல்லாவிட்டால் கவட்டைக் குச்சி கீழே சாயும். அங்கே துளை போட்டுத் தண்ணீர் வந்தால் பார்த்தவரின் பெயர் ஊரெங்கும் பரவும். வராவிட்டால், "இன்னும் ஐம்பது அடி போயிருக்கணும்", "வண்டியைப் புள்ளியில நிறுத்தல" என்று காரணம் கிடைத்துவிடும். வெற்றி நம்பிக்கையின் கணக்கில் சேர்கிறது, தோல்வி வேறு எதன் கணக்கிலோ போகிறது. உளவியலில் இதை உறுதிப்படுத்தல் சார்பு என்கிறார்கள். கடன் வாங்கித் துளை போடும் விவசாயிக்கு இதன் விலை பெரிது. அதனால் ஒழுங்கான ஒரு சோதனை வேண்டும்.

எல்லோரும் செய்கிற முதல் தவறு, தண்ணீர் வந்ததை ஆதாரமாக எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். பாறைக்கு மேலே சிதைந்த அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். குச்சி காட்டிய இடத்தில் தண்ணீர் வந்தது சரி, பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் வந்திருக்காதா? அந்தத் துளையை யாரும் போடுவதில்லை. ஒப்பிட எதுவும் இல்லாதபோது நூறு வெற்றிக் கதைகள் இருந்தாலும், குச்சிக்கு அதில் பங்கு உண்டா என்று சொல்ல முடியாது.

ஜெர்மனியின் காசல் நகரில் 1990இல் நடந்த சோதனை இந்தச் சிக்கலை நேராகத் தீர்த்தது. நீரோட்டம் பார்க்கும் 30 பேர் கலந்துகொண்டார்கள். அரை மீட்டர் ஆழத்தில் ஒரு குழாயைப் புதைத்து, அது எங்கே இருக்கிறது என்பதையும் தரையில் காட்டிவிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் சொல்ல வேண்டியது, இப்போது அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பதை மட்டும். சோதனை நியாயமானது என்று அவர்கள் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள், வெற்றி பெறுவோம் என்றும் உறுதியாக இருந்தார்கள். முடிவு, குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான். தோற்க இடம் கொடுத்ததால்தான் இதற்கு மதிப்பு.

அடுத்த தவறு நுட்பமானது, படித்தவர்களும் அதில் விழுந்திருக்கிறார்கள். 1987-88இல் மியூனிக் அருகே இயற்பியலாளர்கள் நீரோட்டம் பார்க்கும் சுமார் 500 பேரைப் பார்த்து, அவர்களில் 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை 10 மீட்டர் கோட்டில் இங்குமங்கும் நகர்த்தி வைக்க, மேல்தளத்திலிருந்து அது எங்கே என்று சொல்ல வேண்டும். 843 முறை நடந்தது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஆறு பேரிடம் திறமை தெரிகிறது என்று அறிவித்தார்கள். அந்த ஆறு பேரை எப்போது பொறுக்கினார்கள்? முடிவு வந்த பிறகு. நாற்பது பேர் ஆளுக்கு ஐந்து முறை நாணயம் சுண்டினால் ஓரிருவருக்கு ஐந்து முறையும் பூவாகவே விழத்தான் செய்யும். ஜிம் என்ரைட் என்ற ஆய்வாளர் அதே தரவைத் திரும்பக் கணக்கிட்டார். மிகச் சிறந்தவர் என்று சொல்லப்பட்டவர்கூட, குச்சியே இல்லாமல் ஒவ்வொரு முறையும் நடுப்புள்ளியைச் சொல்லும் ஆளைவிடச் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் நெருங்கியிருந்தார். ஆறு பேரையும் தனியே அழைத்துப் புதிதாகச் சோதித்திருக்க வேண்டும்.

சரி, நாமே ஒன்று செய்து பார்க்கலாம். புதைத்த குழாயில் தண்ணீர் ஓடலாமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். வால்வைத் திறப்பவர் மறைவில் இருக்கட்டும். குச்சி பிடிப்பவரின் பக்கத்தில் நிற்பவருக்கும் விடை தெரியக்கூடாது. தெரிந்தால் முகமே காட்டிக்கொடுக்கும், குச்சியோ தசையின் சிறு அசைவுக்கே சாய்ந்துவிடும். தண்ணீர் ஓடும் சத்தமும் மோட்டார் சத்தமும் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20 முறை செய்து, 15 அல்லது அதற்கு மேல் சரியானால் வெற்றி என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். வெறும் ஊகத்தில் அது நூற்றுக்கு இரண்டு தடவைதான் நடக்கும். சோதனை தொடங்கும் முன், தண்ணீர் ஓடுவது தெரிந்தே அவர் ஒருமுறை அதன்மேல் நடக்கட்டும். குச்சி சாய்ந்தால், "இன்றைக்கு நிலம் சரியில்லை" என்ற பேச்சுக்குப் பிறகு இடமில்லை.

"குழாய்த் தண்ணீர் எனக்குத் தெரியாது, பூமிக்குள் இயற்கையாக ஓடுவதுதான் தெரியும்" என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் பேச்சைத் தோற்ற பிறகு வர விடாமல் முன்பே கேட்டுவிடுங்கள். அப்படிச் சொன்னால் வேறு சோதனை வேண்டும். அவர் குறித்த புள்ளிகளை நீங்கள் அளந்து எழுதிக்கொண்டு தடயத்தை அழித்துவிடுங்கள். பிறகு கண்ணைக் கட்டி, வேறு திசையிலிருந்து அதே நிலத்தில் அவரை நடத்துங்கள். எத்தனை அடிக்குள் வந்தால் ஒரே புள்ளி என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். புள்ளிகள் மாறிப்போனால் அவருடைய கூற்று உடைகிறது. ஒத்துப்போனால், நிலத்தின் மேடுபள்ளத்தைக் காலால் உணர்ந்தாரா என்று பார்ப்பது அடுத்த வேலை.