ரேக்குக்கு இரண்டு சுவிட்சா, வரிசைக்கு ஆறு சுவிட்சா? பத்து ரேக்குக்கான கேபிள் கணக்கு

டேட்டா சென்டரில் சுவிட்சை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு ரேக்கின் உச்சியிலும் சுவிட்ச் வைத்து, சர்வர் கேபிள்களை அந்த ரேக்குக்குள்ளேயே முடித்துக்கொள்வது டாப் ஆஃப் ரேக். வரிசையின் கடைசியில் ஒரு நெட்வொர்க் ரேக் நிறுத்தி, எல்லா சர்வர் கேபிள்களையும் மேல் ட்ரே வழியாக அங்கே கொண்டுபோவது எண்ட் ஆஃப் ரோ. முதல் முறையில் சுவிட்சுக்குச் செலவு, இரண்டாவதில் கேபிளுக்குச் செலவு. இதற்கு மேல் பொதுவாகச் சொல்ல அதிகமில்லை. எது மலிவு என்பதை உங்கள் ரேக்கில் எத்தனை சர்வர் இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

நம் வரிசை

600 மி.மீ. அகல ரேக் 10. உயரம் 42யு, அதாவது சுமார் 2 மீட்டர். மின்சார வரம்பு காரணமாக ஒரு ரேக்கில் 12 சர்வர்தான் வைக்க முடிகிறது. ஒவ்வொரு சர்வரிலும் 25ஜி போர்ட் இரண்டு. ஒன்று ஏ சுவிட்சுக்கும் மற்றது பி சுவிட்சுக்கும் போக வேண்டும். சுவிட்ச் என்று நான் சொல்வது 48 போர்ட் 25ஜி, மேலே 100ஜி அப்லிங்க் 8 உள்ள 1யு பெட்டி.

படி 1: போர்ட்டை எண்ணுங்கள்

மொத்த இணைப்பு: 10 × 12 × 2 = 240.

டாப் ஆஃப் ரேக் என்றால் ரேக்குக்கு 2 வீதம் 20 சுவிட்ச். அதாவது 960 போர்ட் வாங்கி 240 பயன்படுத்துகிறோம். நான்கில் மூன்று பங்கு போர்ட் காலியாகக் கிடக்கும், ஆனால் அதற்கும் காசு கொடுத்திருப்போம்.

எண்ட் ஆஃப் ரோ என்றால் ஏ பக்கம் 120 இணைப்பு, பி பக்கம் 120. ஒரு பக்கத்துக்கு 48 போர்ட் சுவிட்ச் 3 போதும். மொத்தம் 6. பக்கத்துக்கு 24 போர்ட் கையிருப்பும் மிஞ்சுகிறது.

இங்கே 14 சுவிட்ச் மிச்சம். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கேபிள் நீளத்தை அளந்து பாருங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. வரைபடத்தில் வரிசை 6 மீட்டர்தான், ஆகவே கேபிளும் 6 மீட்டர் என்று நினைத்துவிடுவார்கள். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. முதல் ரேக்கின் அடியில் உள்ள சர்வரிலிருந்து தொடங்குவோம்:

- சர்வரிலிருந்து ரேக் உச்சிக்கு மேலுள்ள ட்ரே வரை ஏற 2.2 மீ.
- ட்ரேயில் நெட்வொர்க் ரேக் வரை 6 மீ.
- அங்கே சுவிட்ச் வரை இறங்க 1 மீ.
- இரு ரேக்கின் உள்ளேயும் பக்கவாட்டில் ஒதுக்கிக் கட்ட 0.6 மீ.
- இரு முனையிலும் தளர்வு 1 மீ.

மொத்தம் 10.8 மீட்டர். நெட்வொர்க் ரேக்குக்கு ஒட்டியிருக்கும் பத்தாவது ரேக்குக்கே, ட்ரேயில் 0.6 மீட்டர்தான் ஓடினாலும், 5.4 மீட்டர் வந்துவிடுகிறது.

இந்த 5.4 ஏன் முக்கியம் என்றால், மலிவான டிஏசி கேபிள் (இரு முனையிலும் பிளக்கோடு ஒட்டி வரும் செம்புக் கேபிள்) 25ஜி வேகத்தில் 5 மீட்டருக்கு மேல் எட்டாது. அந்த 5 மீட்டருக்கும் பிழைதிருத்தம் தேவை, அது இல்லாமல் 3 மீட்டர்தான். ஆக எண்ட் ஆஃப் ரோவில் கீழ்த்தட்டு சர்வர்களில் ஒன்றுக்குக்கூட டிஏசி எட்டவில்லை. மேல்தட்டில் இருக்கும் இரண்டொரு சர்வருக்கு மட்டும் எட்டும் என்று இரண்டு வகை கேபிளைக் கலந்து வாங்குவது பின்னால் தலைவலி. எல்லாவற்றுக்கும் ஃபைபர்தான்.

நெட்வொர்க் ரேக்கை வரிசையின் நடுவில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அப்போது தூரம் 3 மீட்டர் குறைந்து 7.8 ஆகிறது. இப்போதும் 5ஐத் தாண்டிவிட்டது, ஆகவே டிஏசி கிடையாது. ஃபைபரில் மீட்டர் கணக்கில் மிச்சமாகும் காசு சொற்பம், செலவு இரு முனையிலும் உள்ள மாட்யூல்களில்தான் இருக்கிறது. நடுவில் வைப்பதால் ட்ரேயில் நெரிசல் பாதியாகும், அவ்வளவே.

சர்வர்கள் 10ஜி செம்பு போர்ட் கொண்டவையாக இருந்தால் கதை வேறு. கேட் 6ஏ கேபிள் 100 மீட்டர் வரை எடுத்துச் செல்லும், எண்ட் ஆஃப் ரோவில் மாட்யூல் செலவே வராது. ஆனால் கேபிள் தடிமன். 7.5 மி.மீ. விட்டமுள்ள 240 கேபிளை 300 × 100 மி.மீ. ட்ரேயில் போட்டால், 40 சதவீத நிரப்பு வரம்பு அநேகமாக முடிந்துவிடும். 25ஜிக்குச் செம்பில் 30 மீட்டர் தரநிலை உண்டு என்றாலும் அதற்கான அட்டைகள் சந்தையில் கிடைப்பது அரிது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

படி 3: இரண்டையும் ஒரே வரியில் ஒப்பிடுங்கள்

சுவிட்ச் விலை S, ஃபைபர் இணைப்பு ஒன்றின் முழு விலை L (மாட்யூல் 2, பேனல் பங்கு, ஃபைபர்), டிஏசி விலை D என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
மிச்சமாகும் சுவிட்ச் × S    எதிர்    இணைப்புகள் × (L - D)
```

இடது பக்கம் பெரிதாக இருந்தால் எண்ட் ஆஃப் ரோ மலிவு. கணக்குக்காக S = 4 லட்சம், L = 11,000, D = 3,000 என்று எடுத்துக்கொள்வோம். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் கொட்டேஷனில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள்.

12 சர்வர்: 14 × 4 லட்சம் = 56 லட்சம். எதிரில் 240 × 8,000 = 19.2 லட்சம். எண்ட் ஆஃப் ரோ தெளிவாக மலிவு.

24 சர்வர்: இணைப்பு 480, எண்ட் ஆஃப் ரோவுக்குச் சுவிட்ச் 10, மிச்சம் 10. 40 லட்சம் எதிர் 38.4 லட்சம். கிட்டத்தட்டச் சமம்.

36 சர்வர்: இணைப்பு 720, சுவிட்ச் 16, மிச்சம் வெறும் 4. 16 லட்சம் எதிர் 57.6 லட்சம். டாப் ஆஃப் ரேக்.

இந்த விலைகளில், சுவிட்சின் போர்ட்டுகளில் பாதி நிரம்பும் இடத்தில் தராசு திரும்புகிறது. சுவிட்ச் விலை இறங்கினாலோ மாட்யூல் விலை ஏறினாலோ திரும்பும் இடம் இன்னும் முன்னே வரும்.

அப்லிங்க் செலவை ஏன் விட்டுவிட்டேன்? ஒரே அளவு நெரிசல் விகிதம் கேட்டால் அது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். டாப் ஆஃப் ரேக் சுவிட்ச் ஒன்றில் 12 × 25 = 300ஜி இறங்குகிறது, அதற்கு 100ஜி அப்லிங்க் 2 என்றால் 1.5:1, மொத்தம் 40 அப்லிங்க். எண்ட் ஆஃப் ரோ சுவிட்சில் 40 சர்வர் போர்ட், 1,000ஜி, 7 அப்லிங்க், மொத்தம் 42. ஆனால் 2.5:1 போதும் என்றால் எண்ட் ஆஃப் ரோவில் 24 ஆகக் குறைக்கலாம். டாப் ஆஃப் ரேக்கில் ஒற்றை அப்லிங்க் வைக்க மனம் வராது, ஆகவே அங்கே 40லேயே நிற்கும்.

படி 4: மின்சாரத்தையும் இடத்தையும் சேருங்கள்

கூடுதல் 14 சுவிட்சுக்குத் தலா 200 வாட் என்றால் 2.8 கிலோவாட். எதிர்ப்பக்கம் 480 மாட்யூலுக்குத் தலா சுமார் 1 வாட், 0.48 கிலோவாட். வித்தியாசம் 2.32 கிலோவாட். குளிரூட்டலுக்காக 1.5ஆல் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 30,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 2.4 லட்சத்துக்கு மேல்.

எண்ட் ஆஃப் ரோவுக்கு ஒரு முழு ரேக் இடம் போகிறது. சொந்தக் கட்டடத்தில் இது பெரிதல்ல. ரேக்குக்கு மாத வாடகை கொடுக்கும் இடத்தில் ஐந்தாண்டு வாடகையை L பக்கத்தில் சேர்த்துப் பாருங்கள். சில சமயம் இந்த ஒன்றே முடிவை மாற்றிவிடும்.

படி 5: மூன்றாவது வழியையும் பாருங்கள்

12 சர்வர் வரிசைக்கு என் தேர்வு இரண்டும் அல்ல. இரண்டு அல்லது மூன்று ரேக்குக்கு ஒரு ஜோடி சுவிட்ச். 3 + 3 + 2 + 2 என்று பிரித்தால் 4 ஜோடி, 8 சுவிட்ச். மூன்று ரேக் கூட்டத்தில் 36 போர்ட் நிரம்பும், கேபிளோ டிஏசியே போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. சுவிட்சை உச்சியில் வைத்தால் பக்கத்து ரேக்கின் அடிச் சர்வருக்கு 1.9 + 0.6 + 0.6, அதாவது 3.1 மீட்டர் ஆகி 3 மீட்டர் கேபிள் எட்டாமல் போகும். நடு ரேக்கின் நடுப்பகுதியில், 22யு அருகில் வைத்தால் சுமார் 2.1 மீட்டரில் முடியும். அதற்கு ரேக்குகளுக்கு நடுவிலுள்ள பக்கத் தகடுகளைக் கழற்ற வேண்டும். பின்னாளில் ஒரு ரேக்கை மட்டும் இழுத்து நகர்த்த நினைத்தால் கேபிளை அவிழ்க்காமல் முடியாது என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

சர்வரின் நிர்வாகப் போர்ட்டை (1ஜி, 120 இணைப்பு) இதில் கலக்க வேண்டாம். 48 போர்ட் 1ஜி சுவிட்ச் மூன்றை வரிசையில் எங்கு வைத்தாலும் சாதாரணக் கேட் 6 எட்டும்.

படி 6: கட்டும்போது கெடுவது எது

காற்றோட்டத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சர்வரின் நெட்வொர்க் போர்ட் ரேக்கின் பின்புறம் இருப்பதால் சுவிட்சின் போர்ட்டும் பின்புறம் பார்க்கும். அங்கே வெப்பக் காற்று. ஆகவே சுவிட்ச் போர்ட் பக்கமாகக் காற்றை வெளியே தள்ளும் வகையாக இருக்க வேண்டும். விசிறியின் திசையை ஆர்டரிலேயே குறிப்பிடாவிட்டால் எதிர்வகை வந்து சேரும், சுவிட்ச் வெப்பக் காற்றையே உறிஞ்சும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை அதே ரேக்கின் சர்வர்களைவிட 10 டிகிரிக்கு மேல் காட்டினால் இதுதான் காரணம்.

அடுத்தது, ஏ பி குழப்பம். ஒரு சர்வரின் இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சில் போய்விட்டால் எல்லாம் நன்றாகவே ஓடும், அந்தச் சுவிட்சை மேம்படுத்த அணைக்கும் நாள் வரை. எண்ட் ஆஃப் ரோவில் இது எளிதில் நடக்கும், ஏனெனில் 240 கேபிளும் ஒரே ரேக்கில் வந்து இறங்குகின்றன. ரேக்கின் ஏ ட்ரங்க்கை ஒரு ட்ரேயிலும் பி ட்ரங்க்கை வேறு ட்ரேயிலும் போட்டு, இரு முனையிலும் ரேக், யு, போர்ட் எண் கொண்ட லேபிள் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சர்வரிலும் பாருங்கள்:

```
lldpcli show neighbors
```

இரண்டு போர்ட்டுக்கும் வெவ்வேறு சுவிட்ச் பெயர் வர வேண்டும். இதற்குச் சர்வரிலும் சுவிட்சிலும் எல்எல்டிபி இயங்க வேண்டும்.

டிஏசி போட்டும் விளக்கு எரியாவிட்டால் கேபிளைக் குறை சொல்லும் முன் பிழைதிருத்தம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்:

```
ethtool --show-fec eth0
ethtool --set-fec eth0 encoding rs
```

சுவிட்ச் பக்கமும் அதையே வைக்க வேண்டும். விளக்கு எரிந்து, சில மணி நேரத்தில் பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால், டிஏசி என்றால் கேபிள் கதவுக்கும் ரேக் தூணுக்கும் நடுவில் வளைந்து நசுங்கியிருக்கிறதா என்றும், ஃபைபர் என்றால் இணைப்பி முனையில் தூசி இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

```
ethtool -S eth0 | grep -iE 'crc|fec'
```